மூன்று பஸ்ஸா, ஒன்றரை பிட்ச்சா? நம் கடல் நீலத் திமிங்கலத்தை அளந்து பார்த்தால்

கேள்வி: நீலத் திமிங்கலம் மூணு பஸ் நீளம்னு ஒரு புத்தகத்துல இருக்கு, ஒன்றரை கிரிக்கெட் பிட்ச்னு இன்னொண்ணுல இருக்கு. நம்ம ராமநாதபுரம் பக்கத்துக் கடல்ல வர்ற திமிங்கலத்துக்கு எது சரி? பள்ளி மைதானத்துல பிள்ளைகளுக்கு நிஜ அளவுல வரைஞ்சு காட்டணும்.

இரண்டு பஸ், அல்லது ஒரு பிட்ச்சும் கூடுதலாக நாலைந்து அடியும். நம் பக்கத்து நீலத் திமிங்கலத்துக்கு இதுதான் பொருந்தும். புத்தகங்களில் இருப்பது தப்பு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவை சொல்வது வேறு திமிங்கலத்தை. பஸ்ஸும் வேறாக இருக்கலாம்.

முதலில் திமிங்கலம். நீலத் திமிங்கலம் என்பது ஒரே இனம்தான் என்றாலும் அதற்குள் கிளையினங்கள் உண்டு. உலகிலேயே பெரியவை அண்டார்டிகா கடலில் இருப்பவை. அங்கே வளர்ந்த பெண் திமிங்கலம் 25, 26 மீட்டர் இருப்பது சாதாரணம். ஆணைவிடப் பெண்தான் நீளம். நம்பகமாக அளக்கப்பட்டவற்றில் மிக நீளமானது 30 மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. 1909-இல் தெற்கு ஜார்ஜியாத் தீவில் பிடிபட்டதாகச் சொல்லப்படும் 33.58 மீட்டர் திமிங்கலம் ஒன்று பல புத்தகங்களில் வருகிறது. அந்தக் காலத் திமிங்கல வேட்டைக்காரர்கள் எப்படி அளந்தார்கள் என்பதில் சந்தேகம் இருப்பதால் அதை ஆய்வாளர்கள் அவ்வளவாக ஏற்பதில்லை. ஆனால் "மூன்று பஸ்" என்ற கணக்கு முழுசாகச் சரிவருவது அந்த ஒரு திமிங்கலத்துக்கு மட்டும்தான்: 11 மீட்டர் பஸ் மூன்று சேர்ந்தால் 33 மீட்டர்.

நம் பக்கம் வருவது வட இந்தியப் பெருங்கடல் நீலத் திமிங்கலம். இலங்கைக்குத் தெற்கே மிரிஸ்ஸாவிலும் கிழக்கே திருகோணமலையிலும் படகில் அழைத்துப்போய்க் காட்டுகிறார்களே, அந்தக் கூட்டம். இவை அண்டார்டிகா போய்த் திரும்புபவை அல்ல. ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே சுற்றுபவை, உடலும் சிறியது. வளர்ந்தவை பெரும்பாலும் 20 முதல் 22 மீட்டருக்குள் இருக்கும், 24-ஐத் தாண்டுவது அரிது. 30-க்கும் 22-க்கும் எட்டு மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்தே கூடுவதால் எடை மூன்றும் பெருகிய கணக்கில் ஏறும். 30-ஐ 22-ஆல் வகுத்து, வந்த விடையை அதே விடையால் இரண்டு முறை பெருக்கினால் இரண்டரை வருகிறது. அதாவது புத்தகத்துத் திமிங்கலம் நம் கடல் திமிங்கலத்தைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். பிள்ளைகளுக்கு எதை வரைந்து காட்டுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

அடுத்தது, நீளம் என்றால் எதிலிருந்து எதுவரை? இங்கேதான் பாதித் தப்பு நடக்கிறது. ஒரு கணக்குக்காக, வாலிநோக்கம் மணலில் ஒரு நீலத் திமிங்கலம் செத்து ஒதுங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் டேப்பைத் தலையில் வைத்து, முதுகு வளைவின் மேலேயே இழுத்து, வால் துடுப்பின் ஓரம்வரை கொண்டுபோகிறார். 22.8 மீட்டர் வருகிறது, "75 அடி" என்று செய்தி போகிறது. இன்னொருவர் உடம்பைத் தொடவே இல்லை. மேல்தாடை நுனிக்கு நேராக மணலில் ஒரு சவுக்குக் கம்பை ஊன்றுகிறார். வால் துடுப்பின் இரண்டு மடல்களுக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கும், அதற்கு நேராக இன்னொரு கம்பு. இரண்டு கம்புக்கும் நடுவே உடம்புக்கு இணையாக, நேர்க்கோட்டில் டேப்பை இழுத்தால் 21.4 மீட்டர் வருகிறது, 70 அடி. திமிங்கலம் ஒன்றுதான், அளவில் மட்டும் ஒன்றரை மீட்டர் இடிக்கிறது. ஆய்வாளர்கள் ஏற்பது இரண்டாவது முறையை மட்டுமே.

மேல்தாடை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீலத் திமிங்கலத்தின் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். செத்த உடம்பில் தாடை தொங்கிவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் கிடக்கும், அதை நம்பி அளக்க முடியாது. வாலிலும் அப்படித்தான். மடல்களின் நுனி பின்னோக்கிச் சரிந்திருக்கும், அலையில் கிழிந்தும் போயிருக்கும். நடுப்பிளவு இடம் மாறாது. இரண்டு மூன்று நாள் ஆன உடம்பு உள்ளே வாயு நிறைந்து ஊதியிருக்கும். முதுகின் மேல் டேப் போட்டால் அந்த ஊதலும் நீளத்தில் சேர்ந்துவிடும். ஊதிய உடம்பின் மேல் ஏறி நிற்பதோ அருகில் நின்று குத்திப் பார்ப்பதோ ஆபத்து. தவிர, திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எலும்பு, பல், இறைச்சி எதையும் எடுக்கக் கூடாது, வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி பஸ். "பஸ்" என்பது ஓர் அளவே இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் வழக்கமான புறநகர் பஸ் முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை 11 மீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டு அச்சு உள்ள பஸ்ஸுக்கு மோட்டார் வாகன விதி அனுமதிப்பதே 13.5 மீட்டர்வரைதான். பின்னால் இரட்டை அச்சு வைத்த நெடுந்தூர ஆம்னி பஸ் 15 மீட்டர்வரை போகலாம். கிராமத்துக்குள் வரும் மினி பஸ் ஏழு மீட்டர்வாக்கில்தான் இருக்கும். நம் 21.4 மீட்டர் திமிங்கலத்தை இவற்றால் வகுத்துப் பாருங்கள். மினி பஸ் என்றால் மூன்று, புறநகர் பஸ் என்றால் இரண்டுக்கு அரை மீட்டர் குறைவு, ஆம்னி என்றால் ஒன்றரைக்கும் கொஞ்சம் கீழே. எந்த பஸ் என்று சொல்லாமல் "மூன்று பஸ்" என்றால் அது எதையும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் பஸ் பெரும்பாலும் லண்டன் மாடி பஸ்ஸோ அமெரிக்கப் பள்ளி பஸ்ஸோதான். அதை அப்படியே தமிழில் எழுதிவிட்டால் படிப்பவர் மனதில் நிற்பது பரமக்குடி பஸ்.

பஸ் நிலையத்தில் நேரில் காட்டுவதாக இருந்தால் இன்னொரு விஷயம். வரிசையாக நிற்கும் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே டிரைவர்கள் ஒரு மீட்டராவது இடம் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியையும் சேர்த்துக்கொண்டு "இரண்டு பஸ் நீளம்" என்று கையை நீட்டினால் 23 மீட்டர் ஆகிவிடும். பம்பரோடு பம்பர் ஒட்டி நின்றால் மட்டுமே 22.

பஸ்ஸைவிட கிரிக்கெட் பிட்ச் நல்ல அளவுகோல், ஏனென்றால் அது உலகம் முழுக்க ஒன்றுதான். 22 கஜம், 66 அடி, 20.12 மீட்டர். நிலம் அளக்கும் சர்வே சங்கிலியின் நீளமும் இதுவேதான். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் என்றால் சரியாகப் பத்து சென்ட். ஊரில் பத்து சென்ட் மனை சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கமும் பிட்ச்சும் ஒரே நீளம்.

ஆனால் பிட்ச்சிலும் எதிலிருந்து எது என்று பார்க்க வேண்டும். 20.12 மீட்டர் என்பது இந்தப் பக்க நடு ஸ்டம்பிலிருந்து அந்தப் பக்க நடு ஸ்டம்புவரை. பேட்ஸ்மேன் நிற்கும் கோடு ஸ்டம்பிலிருந்து நான்கு அடி முன்னால் இருப்பதால் கோட்டிலிருந்து கோடு 17.68 மீட்டர்தான். ரன் ஓடும் தூரத்தைப் பிட்ச் நீளம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டரை மீட்டர் போய்விடும். சிமென்ட் தளம் போட்ட மைதானத்தில் இதற்கு நேர்மாறு. தளம் ஸ்டம்புக்குப் பின்னாலும் நீண்டிருக்கும். தளத்தின் ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் கூடிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தப்பு, காலால் அளப்பது. "22 கஜம், 22 எட்டு" என்று எண்ணி ஸ்டம்பு நடுவதுதானே வழக்கம். பெரியவர் ஒருவர் இயல்பாக நடக்கும்போது ஓர் எட்டின் நீளம் முக்கால் மீட்டர், ஒரு கஜமோ 91 சென்டிமீட்டர். 22 எட்டு வைத்தால் பதினாறரை மீட்டர்தான் தேறும். பிள்ளைகள் எட்டு இன்னும் குறையும். தென்னந்தோப்பில் டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு அது போதும், திமிங்கலத்துக்குப் போதாது.

சரி, மைதானத்தில் வரைவோம். 30 மீட்டர் துணி டேப் ஒன்று, நாலு கம்பு, சுண்ணாம்புத் தூள் ஒரு பை இருந்தால் ஆகிவிடும். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்காதீர்கள். இழுத்தால் அது நீளும், இருபது மீட்டர் கயிற்றில் ஒரு மீட்டர் ஏமாற்றுவது சுலபம். டேப்பை இரண்டு பேர் தரையோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். கடல்காற்று அடிக்கும் பிற்பகலில் டேப் வில்லாக வளையும், அதுவும் பொய் அளவு தரும். காலையில் செய்வது நல்லது.

முதலில் பிட்ச்சை வரையுங்கள்: 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம். இந்த அகலமும் விதிப்படியானதுதான், பத்து அடி. இப்போது ஒரு பக்க ஸ்டம்பு இருக்கும் இடத்தில் திமிங்கலத்தின் வால் நடுப்பிளவை வையுங்கள். மறு பக்க ஸ்டம்பைத் தாண்டி 1.28 மீட்டர் போனால் மேல்தாடை நுனி. ஸ்டம்புக்கும் பேட்ஸ்மேன் கோட்டுக்கும் இடையே உள்ள நாலடி இருக்கிறதே, ஏறக்குறைய அதே தூரம்தான் ஸ்டம்புக்குப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. விக்கெட் கீப்பர் சுழல்பந்துக்கு ஒட்டி உட்காரும் இடத்தில் மூக்கு இருக்கும்.

அகலம் இன்னும் அழகாக அமைகிறது. நீலத் திமிங்கலம் நீளத்துக்கு ஒல்லியான உடம்புக்காரன். மிகப் பருத்த இடத்திலும் இந்த அளவுத் திமிங்கலம் மூன்று மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே உடம்பு பிட்ச்சின் அகலத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. வெளியே நீள்வது வாலும் பக்கத் துடுப்பும்தான். வால் மடல் நுனியிலிருந்து நுனி மொத்த நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, ஐந்து மீட்டர் சுமார். பிட்ச்சின் இரண்டு ஓரத்திலும் தலா ஒரு மீட்டர் வெளியே வரும்படி வரையுங்கள். தலையும் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. முதுகுத் துடுப்பை நடுவில் போட்டுவிடாதீர்கள், படம் வரைபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது. மூக்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு தள்ளி, வால் பக்கம், ஒரு முழம்கூடத் தேறாத சின்னத் துடுப்பு. இவ்வளவு பெரிய உடம்புக்கு அது கேலிபோலத்தான் இருக்கும்.

அண்டார்டிகாத் திமிங்கலத்தையும் பக்கத்தில் காட்ட விரும்பினால் அதே வால் புள்ளியிலிருந்து 29.9 மீட்டருக்கு ஒரு கோடு போதும். ஸ்டம்பைத் தாண்டி 9.78 மீட்டர் போகும், அதாவது இன்னொரு அரைப் பிட்ச். உங்கள் இரண்டாவது புத்தகம் சொல்லும் "ஒன்றரைப் பிட்ச்" இதுதான். அந்தப் புத்தகம் கணக்கில் சரி, கடலைத்தான் சொல்லவில்லை.

பஸ்ஸையும் பிட்ச்சையும்விட நம் ஊருக்குப் பொருத்தமான அளவுகோல் ஒன்று ராமேஸ்வரம் ரயில் நிலையத்தில் நிற்கிறது. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய மாதிரி நீல ரயில் பெட்டியின் உடல் நீளம் 21.34 மீட்டர். நம் எடுத்துக்காட்டுத் திமிங்கலத்தைவிட ஆறு சென்டிமீட்டர்தான் குறைவு. இப்போது வரும் புதுமாதிரி எல்ஹெச்பி பெட்டி 23.54 மீட்டர். நம் கடல் நீலத் திமிங்கலத்தின் மேல் எல்லையை அது கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. ஒரு திமிங்கலம், ஒரு பெட்டி. பிளாட்பாரத்தில் ஒரு கதவிலிருந்து மறு கோடிக் கதவுவரை நடக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் சாதாரணக் கண் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். ஒரு கண்ணில் இந்தத் திமிங்கலம் படுக்காது, மூன்று மீட்டர் வெளியே நிற்கும். கப்பலுக்காகத் தூக்கும் நடுப்பகுதி 72.5 மீட்டர் என்பதால் அதன் கீழே மூன்று திமிங்கலம் வால் பிடித்து வரிசையாகப் படுக்கலாம். படுக்கத்தான் முடியும், நிற்க முடியாது. பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கக் கடலின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. 21 மீட்டர்த் திமிங்கலத்தை அங்கே செங்குத்தாக நிறுத்தினால் வால் தரையில் முட்ட, தலை தண்ணீருக்கு மேலே ஆறு மீட்டராவது நிற்கும். மன்னார் வளைகுடாவின் தெற்கே, கரைவிட்டு விலகிய ஆழ்கடலே அதற்கு ஏற்ற இடம்.

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீட்டரைவிட பாகம் எளிது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி என்று கணக்கு. 21.4 மீட்டர் என்பது பன்னிரண்டு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பன்னிரண்டு பிள்ளைகளைக் கைகோத்து நிறுத்தி இதுதான் திமிங்கலம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் கைவிரிப்பு ஏறக்குறைய அவரவர் உயரம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு ஐந்தடி என்று வைத்தால் பதினான்கு பேர் வேண்டும்.

கடைசியாக ஒன்று, இந்த அளவுகள் கையில் இருந்தால் செய்தியைச் சரிபார்க்கவும் உதவும். "30 அடி நீலத் திமிங்கலம் கரை ஒதுங்கியது" என்று படித்தால் உடனே மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: 9.1 மீட்டர். நீலத் திமிங்கலக் குட்டி பிறக்கும்போதே ஏழு மீட்டர் இருக்கும், பால்குடி மறக்கும்போது 16 மீட்டரை எட்டிவிடும். ஆகவே 30 அடி என்றால் பிறந்து சில வாரங்களே ஆன பால்குட்டியாக இருக்க வேண்டும், அல்லது எழுதியவர் மீட்டரை அடி என்று மாற்றிப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது நீலத் திமிங்கலமே அல்ல. நம் கரையில் ஒதுங்கும் பிரைடு திமிங்கலம் முழுதாக வளர்ந்தாலும் 12 முதல் 15 மீட்டர்தான். அதன் தலை மேல் மூன்று வரப்பு ஓடும், நீலத் திமிங்கலத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும், படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக நிற்கும் வாலும் இருந்தால் அது திமிங்கலமே இல்லை, அம்மணி உழுவை என்கிற சுறா.